மூக்கு நுனியில் வைத்த பொட்டு

எங்கள் மீனவ ஊரான பிள்ளைச்சாவடியில் பாலகுரு அண்ணனைப் பற்றிக் கேட்டால், உடைந்த ஃபைபர் படகை ஒட்டுகிறவர் என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களாக இருந்தால், "பிளேன் ஓட்டப் போயி, கீழ போட்டுட்டு வந்தவரு" என்று சேர்த்துக்கொள்வார்கள். அவர் முன்னால் சொன்னாலும் அவர் மறுத்துப் பேச மாட்டார். ரெசின் பசை வாளியைக் கலக்கியபடியே இருப்பார்.

அவருடைய அம்மா அங்கம்மாள் இந்த மாசியில் தவறிப்போனார். அதற்குப் பிறகுதான், பாலகுரு அண்ணனோடு விமான வேலையில் இருந்த நிர்மலா அக்கா, சின்ன வயதில் அண்ணனிடம் எடுபிடியாக இருந்த என்னிடம் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா உயிரோடு இருந்தவரை இதை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று இருந்தது. இனிமேல் சொல்லலாம்.

பாலகுருவின் அப்பா ராமலிங்கம் சுனாமிக்கு முந்தின வருஷம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் மறுநாள் வடக்கே ஒதுங்கியது. ஊர்ப் படகுகள் எல்லாம் போய்த் தேடின. படகில் உட்கார்ந்து பார்த்தால் அலைக்கு அலைதான் தெரியும், ஒரு தலை மிதந்தாலும் அடுத்த அலைக்குப் பின்னால் மறைந்துவிடும். உடம்பு கிடைக்கவே இல்லை.

உடம்பு கிடைக்காததால் அங்கம்மாள் பொட்டை அழிக்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்து பேசிப் பார்த்தார்கள். "கொண்டாந்து காட்டுங்க, அழிச்சிடறேன்" என்று ஒரே பதில். அதனால் கல்யாணம், காதுகுத்து என்று எங்கு போனாலும் அவர் முதுகுக்குப் பின்னால் பேச்சு இருந்தது. அவர் மனதிலோ வேறு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. தினமும் படகின் முன்முனையில் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்திக் குங்குமம் வைத்து அனுப்புகிறவர், அன்றைக்கு மட்டும் தங்கை வீட்டில் இருந்தார். பொட்டு இல்லாமல் போன படகு அது. அதனால்தான் கணவர் திரும்பி வரவில்லை என்று அங்கம்மாள் உறுதியாக நம்பினார்.

சுனாமிக்குப் பிறகு ஊரில் ஃபைபர் படகு வேலை நிறைய வந்தது. பாலகுரு அதைக் கற்றுக்கொண்டார். கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசின் பூசி, காற்றுக் குமிழ் இல்லாமல் உருளையால் தேய்ப்பதில் கை நன்றாகப் பழகியது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் விஜயராகவன் என்பவர் சின்னச் சின்ன ஆளில்லா விமானங்கள் செய்துகொண்டிருந்தார். அவற்றுக்கு உடம்பு செய்ய ஆள் தேடியபோது பாலகுரு போய்ச் சேர்ந்தார். முதல் நாளே அவர் கேட்ட கேள்வியை நிர்மலா அக்கா மறக்கவில்லை. அக்கா அங்கே எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இது மேலேருந்து பாத்தா தண்ணியில ஒரு ஆளு தெரிவானா?"

தெரியும் என்று அக்கா சொன்னார். பாலகுரு அதற்குப் பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை. உடம்பு செய்கிற வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகினார். பிறகு நிஜமாகவே ஓட்டினார். அலை உடையும் இடத்தில் படகைத் திருப்பித் திருப்பி வளர்ந்தவர் என்பதால், காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்பது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. இரண்டு வருஷத்தில், தரையில் நின்று விமானத்தை ஓட்டும் ரேடியோ கருவி அவர் கைக்கு வந்துவிட்டது. விஜயராகவன் அதை வேறு யாரிடமும் தருவதில்லை.

விஜயராகவன் கத்துகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு விதியில் மட்டும் இளகவே மாட்டார். விமானத்தில் யார் எதை மாற்றினாலும், ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாலும், பறப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மாற்றியவர் அதற்குப் பிறகு விமானத்தைத் தொடக் கூடாது. முன்பு ஒரு பையன் இறக்கையில் பெயர் எழுதிய தகட்டை ஒட்டிவிட்டுச் சொல்லாமல் இருந்தான். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே பறந்தது. அந்தப் பையனை அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

2007-ல் மீன்வளத்துறையிலிருந்து அழைப்பு வந்தது. காணாமல்போன படகுகளைத் தேட இது உதவுமா என்று பார்க்க வேண்டும், ஒரு சோதனை செய்து காட்டுங்கள் என்றார்கள். பாலகுரு அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு ஒழுங்காகச் சாப்பிட வரவில்லை. கடல்மேல் பறக்கவிடுவதற்கு முன் தரைமேல் ஒருமுறை காட்டுவதென்றும், விஜயதசமியன்று காலை, தவளக்குப்பம் தாண்டி உள்ளே இருக்கும் தரிசு நிலத்தில் என்றும் முடிவானது.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. மாடியில் மேசை, டிரில், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். பூஜை முடிந்து பொரி கொடுக்க மற்ற எல்லோரும் கீழே இறங்கியபோது, அதுவரை சுவர் ஓரமாக நின்றிருந்த அங்கம்மாள் விமானத்தின் பக்கத்தில் வந்தார். நாலு பேர் பார்க்கும்போது அவர் எதற்கும் பொட்டு வைப்பதில்லை. பேச்சு வரும் என்று தெரியும்.

"பாலு, இதுக்கு மொகம் எது?"

பாலகுரு காட்டினார். மோட்டாரும் விசிறியும் வாலில் இருந்ததால் மூக்குப் பக்கம் வெறுமையாக இருந்தது. மூக்கின் நுனியிலிருந்து ஒரு மெல்லிய பித்தளைக் குழாய் மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கம்மாள் சந்தனத்தைத் தொட்டு, படகுக்கு அழுத்துவது போலவே அந்த நுனியில் கட்டைவிரலை அழுத்தினார். மேலே குங்குமம் வைத்தார். பக்கத்தில் தீபத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நிர்மலா அக்கா. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், விரல் எங்கே பட்டது என்று பார்க்கவில்லை என்று அக்கா சொன்னார்.

மறுநாள் காலை மீன்வளத்துறை ஆட்கள் இரண்டு ஜீப்பில் வந்திருந்தார்கள். சரிபார்க்கும் பட்டியலை நிர்மலா அக்கா ஒவ்வொன்றாகப் படிக்க, பாலகுரு பார்த்துச் சொன்னார். பாட்டரி, ஜிபிஎஸ், இறக்கை அசைவு எல்லாம் சரி. 'தரையில் நிற்கும்போது காற்றுவேகம் பூஜ்யம்' என்று ஒரு வரி இருந்தது. லேப்டாப்பில் பூஜ்யம்தான் காட்டியது. பாலகுரு விமானத்தைத் தூக்கி ஓடி வீசினார். அது அழகாக மேலே ஏறியது. ஒரு தென்னைமரத்தைவிட நன்றாக உயரம் போனதும், விமானம் தானே பறப்பதற்கான சுவிட்சைத் தட்டினார்.

மூக்கு மேலே எழும்பியது. மோட்டார் சத்தம் நின்றது. ஒரு கணம் விமானம் வானத்தில் மாட்டிவைத்தது போல நின்றது. பிறகு இடது இறக்கை சரிந்து, சுழன்றுகொண்டே விழுந்தது.

ஜீப்பில் வந்தவர்கள் நல்லபடியாகத்தான் பேசிவிட்டுப் போனார்கள். என்ன நடந்தது என்று எழுதிக் கொடுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம் என்றார்கள். கேமரா இரண்டாகப் பிளந்து கிடந்தது. பாலகுரு உடைந்த பாகங்களைப் பொறுக்கித் தோள்துண்டில் கட்டினார். ரெட்டியார்பாளையம் வந்து இறங்கியதும் விஜயராகவன், விபத்து அறிக்கையை நீங்கள் எழுதுங்கள் என்று நிர்மலா அக்காவிடம் சொன்னார். பாலகுரு சுவிட்சைத் திருப்பத் தாமதித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, பதிவைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அப்படித்தான் என்றால் ரேடியோ பாலகுருவிடம் இருக்காது என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

விமானத்துக்குள் ஒரு நினைவு அட்டை உண்டு. உயரம், வேகம், மோட்டார், சுவிட்சின் நிலை எல்லாம் அதில் நொடிக்கு நொடி பதிவாகும். அட்டை உடையவில்லை. அக்கா அதைக் கம்ப்யூட்டரில் போட்டு வரைபடமாக்கினார். முதலில் நேரவரிசையை எழுதினார். அறிக்கையில் அந்தப் பகுதி இப்படி இருந்தது:

"தானியங்கி முறைக்கு மாற்றியபோது உயரம் 45 மீட்டர். அடுத்த நொடியில் மோட்டார் முழுவதும் குறைக்கப்பட்டது, மூக்கு உயர்த்தப்பட்டது. இரண்டையும் செய்தது தானியங்கி, விமானி அல்ல. நான்காம் நொடியில் இறக்கை தூக்கும் திறனை இழந்தது. ஐந்தாம் நொடியில் விமானி கட்டுப்பாட்டைத் திரும்ப எடுத்தார். சுழற்சி நின்று, மூக்கு நிமிரத் தொடங்கியது. எட்டாம் நொடியில் தரை."

அதாவது அவர் தாமதிக்கவில்லை. விழத் தொடங்கியதுமே சுவிட்சைத் திருப்பிவிட்டார். சுழன்று விழும் விமானத்தைக் கிட்டத்தட்ட நிமிர்த்தியும் விட்டார். இன்னும் ஒரு பனைமர உயரம் இருந்திருந்தால் மீண்டிருக்கும். நிர்மலா அக்கா அந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். விழுகிற விமானத்தில் அவ்வளவு நிதானமாக ஒரு கை வேலை செய்திருக்கிறது.

அப்படியானால் தானியங்கி ஏன் மோட்டாரை நிறுத்தியது? விமானம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது என்று அது நினைத்தது. அதனால் வேகத்தைக் குறைக்கப் பார்த்தது. ஆனால் ஜிபிஎஸ் பதிவில் வேகம் நாற்பத்தைந்துதான். அன்றைக்குக் காற்றும் பெரிதாக இல்லை. இரண்டில் ஒன்று பொய்.

அக்கா காற்றுவேகக் கோட்டையும் உயரக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். உயரம் ஏற ஏற வேகமும் ஏறியது. தலைகுப்புற விழும்போது எந்த விமானத்துக்கும் வேகம் கூட வேண்டும். இங்கே குறைந்தது. தரையைத் தொட்டபோது பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் அது வேகத்தை அளக்கவே இல்லை, உயரத்தைத்தான் அளந்திருக்கிறது.

மூக்கில் இருந்த பித்தளைக் குழாயின் வேலை எதிர்க்காற்றை உள்ளே வாங்குவது. அந்த அழுத்தத்தையும் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் ஒப்பிட்டு, வேகம் இவ்வளவு என்று கருவி கணக்கிடும். குழாயின் வாய் அடைத்துவிட்டால், தரையில் இருந்த காற்று உள்ளேயே சிறைப்பட்டு நிற்கும். மேலே போகப் போக வெளியே அழுத்தம் குறையும். உள்ளே அப்படியே இருக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் கருவி வேகம் என்று எடுத்துக்கொண்டது. தரையில் இரண்டும் சமமாக இருந்ததால் பட்டியல் சொன்னபடி பூஜ்யம் காட்டியிருக்கிறது.

தோள்துண்டில் கட்டியிருந்த பாகங்களைப் பிரித்து அக்கா அந்தக் குழாயை எடுத்தார். வாயில் ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை. குண்டூசியால் குத்தியபோது மஞ்சளாக ஒரு துகள் வந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை பாலகுருவை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினார். உங்கள் கையில் தப்பு இல்லை, நீங்கள்தான் தொடர்ந்து ஓட்டப்போகிறீர்கள் என்று சந்தோஷமாகத்தான் சொன்னாராம். பாலகுரு வரைபடத்தைப் பார்த்தார். பிறகு குழாயை எடுத்து நுனியைப் பார்த்தார்.

"காலையில பாத்தேன் மேடம். சந்தனம் கொழாக்கு வெளியிலதான் இருக்குதுன்னு வுட்டுட்டேன். அம்மா வச்சத எப்படித் தொடைக்கறது?"

அக்கா புரிந்துகொண்டு சொன்னார்: அதைக் குற்றமாக எழுத மாட்டேன். பூஜையில் விருந்தாளி ஒருவர் வைத்தது என்று எழுதுவேன். விஜயராகவனின் விதி வேலை செய்கிறவர்களுக்குத்தான், உங்களைக் கண்டித்துவிட்டு விட்டுவிடுவார்.

"விருந்தாளின்னு எழுதினா யாருன்னு கேப்பாரு. கேட்டா சொல்லணும். அந்தப் பேப்பரு மீன்வளத்துறைக்குப் போவும். அங்கேருந்து எங்க ஊருக்கு வர எவ்ளோ நேரம்?"

வந்தால் என்ன என்று அக்கா கேட்டார். பாலகுரு குழாயைக் கீழே வைத்தார்.

"பொட்டு வெக்காததால எங்கப்பா போயிட்டாருன்னு எங்கம்மா நெனச்சிக்கினு இருக்குது. இப்ப வெச்சதால இது உழுந்துச்சுன்னா, அது எங்க போயி நிக்கும் மேடம்? ஊருல என்னா சொல்லுவாங்க? தாலியறுத்தவ வச்ச பொட்டுன்னு சொல்லுவாங்க. இத்தினி வருஷமா அவங்க வாயில அந்தச் சொல்லு வராம பாத்துக்கினு இருக்குது."

அறிக்கை பொய் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை, அடுத்த விமானமும் விழும் என்றுதான் நிர்மலா அக்கா படித்திருந்தார். ஆனால் அடுத்த விமானம் விழாமல் இருக்க, வைத்த விரல் யாருடையது என்பது தேவையில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. இரண்டு நாள் யோசித்துக் காரணப் பகுதியை எழுதினார். "ஆயுத பூஜையன்று காற்றுக்குழாயின் வாயில் வைக்கப்பட்ட சந்தனம் காய்ந்து அடைத்துக்கொண்டது. காலையில் விமானி அதைக் கண்டும் அகற்றவில்லை, தெரிவிக்கவும் இல்லை. பட்டியலில் இருந்த சோதனையால் இந்த அடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது." மூன்று வாக்கியங்களும் உண்மை. வைத்தவர் பெயர் இல்லை.

தடுக்கும் வழிகளையும் எழுதினார். பறக்காத நேரத்தில் குழாய்க்குச் சிவப்பு நாடாவுடன் ஒரு மூடி போட வேண்டும். பறக்கவிடும் முன் மூடியை எடுத்துவிட்டுக் குழாய்க்கு முன்னால் மெதுவாக ஊதி, லேப்டாப்பில் எண் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் பூஜ்யம் போதாது. காற்றுவேகமும் ஜிபிஎஸ் வேகமும் மிகவும் வேறுபட்டால் தானியங்கி காற்றுவேகத்தை நம்பக் கூடாது. இப்போதைய உயரத்தைப் போல இரண்டு மடங்கு போன பிறகே சுவிட்சை மாற்ற வேண்டும். பூஜைப் பொட்டை விமானத்தின் பெட்டிக்கு மட்டும் வைக்கலாம்.

விஜயராகவன் முழுவதையும் படித்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, அக்கா பயந்த கேள்வியைக் கேட்டார்.

"யார் வச்சது?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் பாலகுரு பேசிவிட்டார்.

"நான்தான் சார். படகுக்கு வெக்கற பழக்கம். சொல்லணும்னு தோணல."

விஜயராகவனுக்கும் இது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உங்களைப் போல ஓட்ட எனக்கு வேறு ஆள் இல்லை பாலகுரு, ஆனால் அந்தப் பையனுக்கு ஒரு விதி, உங்களுக்கு ஒரு விதி என்று என்னால் வைக்க முடியாது என்றார். உடம்பு செய்யும் வேலையில் இருக்கச் சொன்னார். பாலகுரு ஒரு மாதம் இருந்து பார்த்தார். அடுத்த விமானத்துக்கு உடம்பு செய்து கொடுத்துவிட்டு, அது பறப்பதைப் பார்க்கப் போகாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

நிர்மலா அக்கா அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று நான் கேட்டேன். "அவரு சொன்னதுக்கப்புறம் நான் சொன்னா, அவரு அம்மாவ நான் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்டா" என்றார். பிறகு, "சொல்லாததுனால அவரக் காட்டிக் கொடுத்துட்டேன்" என்றார்.

மீன்வளத்துறை அறிக்கையை வாங்கிக்கொண்டது. அடுத்த வருஷம் ஒருமுறை வேறொரு பையன் கடல்மேல் ஓட்டிக் காட்டினான். பறக்கவிடும் முன் அவன் குழாய்க்கு முன்னால் குனிந்து ஊதினான். நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். எதற்கு ஊதுகிறாய் என்று யாரோ கேட்டதற்கு, லிஸ்டில் இருக்கிறது என்றான். பாலகுரு அண்ணன் அன்றைக்குக் கரைக்கு வரவில்லை.

அவர் விமானத்தைக் கீழே போட்டுவிட்டார் என்ற செய்தி ஊருக்கு வந்ததும் அதிகமாகக் கோபப்பட்டவர் அங்கம்மாள்தான். கை சரியில்லாமல் போய்க் கவிழ்த்துவிட்டானே என்று மீன் கூடையோடு போகிற தெருவெல்லாம் சொன்னார்; என் கையால் பொட்டு வைத்து அனுப்பியதை என்று வீட்டுக்குள் மட்டும் சேர்த்துக்கொண்டார். வேலை போனதற்கு அவர் கண்ட காரணம் அது ஒன்றுதான். மகன் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அவர் சொன்னதை இன்னும் உறுதியாக்கியது.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பாலகுரு ஒட்டி முடித்த ஒரு படகு எங்கள் கரையில் நின்றது. சொந்தக்காரர் அரிகிருஷ்ணன் தேங்காய் உடைக்க ஆள் தேடிப் போயிருந்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அங்கம்மாள் வந்தார். நான் ரெசின் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு ஆளாக அவர் எண்ணவில்லை.

பாலகுரு அண்ணன் தீபத் தட்டைப் பிடித்தார். அங்கம்மாள் சந்தனத்தைத் தொட்டுப் படகின் முன்முனையில் கட்டைவிரலை அழுத்தினார். நிதானமாகக் குங்குமம் வைத்தார். ஒரு அடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டார்.

"இதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். "பொட்டு சரியாத்தான் இருக்கும். ஓட்டறவன் கையிதான் சரியா இருக்கணும். இன்னாடா?"

"ஆமாம்மா" என்றார் பாலகுரு அண்ணன். தீபம் காற்றில் அணையப் பார்த்தது. இன்னொரு கையால் அதை மறைத்துப் பிடித்துக்கொண்டார்.